கேட்க முடியாத தாகம், தோன்றாத தாகம்: வெப்ப அலையில் குழந்தைகளும் முதியவர்களும்

கோடைதோறும் வெளியாகும் வெப்ப அலை எச்சரிக்கைகளில் இரண்டு அறிவுரைகள் தவறாமல் இடம்பெறுகின்றன. நண்பகலில் வெளியே செல்லாதீர்கள் என்பது ஒன்று. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பது மற்றொன்று. இவை, தன் தாகத்தைத் தானே உணர்ந்து, எழுந்து சென்று, குடத்திலிருந்து மொண்டு குடிக்கக்கூடிய ஒருவரை நோக்கிச் சொல்லப்படுபவை. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாகம் எடுக்கும். ஆனால் கேட்கத் தெரியாது. எழுபது வயது மூதாட்டிக்குக் கேட்கத் தெரியும். ஆனால் உடல் வறண்ட பிறகும் தாகம் தோன்றாமல் போகலாம். நம் குடியிருப்புகளில் இவ்விருவரையும் ஒரே வீட்டில், ஒருவருக்கு மற்றவரைத் துணையாக வைத்துவிட்டுத்தான் பெண்கள் கூலி வேலைக்குச் செல்கிறார்கள்.

வெப்ப அலையில் இவ்விரு வயதினரும் முதலில் பாதிக்கப்படுவது ஏன், எந்தக் கட்டத்தில் அதைக் கண்டறியலாம், என்ன செய்தால் தடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இருவருக்குமான தண்ணீர் இன்னொருவர் கையால், நேரம் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பதே இதில் அடிப்படையான செய்தி. அந்தக் கை வீட்டில் இருக்கிறதா, அது எடுத்துக் கொடுக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கும்போது, மருத்துவம் உரிமைப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது.

உடல் எவ்வாறு குளிர்கிறது?

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, உடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. காற்று அதைவிடச் சூடாகும்போது வெப்பம் வெளியிலிருந்து உடலுக்குள் வரத் தொடங்குகிறது. அதன்பின் உடலுக்கு இருக்கும் ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். அந்த ஒரு லிட்டரை உடல் தன் இரத்தத்திலிருந்தும் திசுக்களிலிருந்தும் எடுத்துச் செலவிடுகிறது. வெப்பத்தைத் தள்ள நீர் வேண்டும். நீர் குறைந்தால் வியர்வை குறையும். வியர்வை குறைந்தால் உடல் சூடேறும். நீரிழப்பும் வெப்பத்தாக்கும் ஒன்றையொன்று வளர்ப்பது இப்படித்தான்.

இதில் கடற்கரை மாவட்டங்களுக்கு ஒரு கூடுதல் இடர் உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை வழியும், ஆவியாகாது. நீர் இழப்பு நேரும், குளிர்ச்சி கிடைக்காது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியேனும் கூடியிருந்தால் வெப்ப அலை. அறிவிப்பு வராத புழுக்கமான நாள் பாதுகாப்பான நாள் என்று கொள்வதற்கில்லை.

குழந்தையின் கணக்கு

எடையோடு ஒப்பிட்டால், ஒரு கைக்குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே சூடான அறையில் குழந்தை தன் எடைக்கு மிகுதியான வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் திறனும் முதல் ஆண்டில் அதன் சிறுநீரகங்களுக்கு முழுமையாக அமைந்திருப்பதில்லை. பத்து கிலோவுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளில், ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 மில்லி நீர் தேவை. பெரியவருக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

எட்டு கிலோ எடையுள்ள ஒன்பது மாதக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாள் தேவை 800 மில்லி. அது 400 மில்லியை இழந்தாலே உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்துவிடும். நீரிழப்பின் அறிகுறிகள் வெளிப்படத் தொடங்கும். 800 மில்லியை இழந்தால் உயிருக்கே ஆபத்து. அறுபது கிலோ எடையுள்ளவர் அதே 5 விழுக்காட்டை இழக்க மூன்று லிட்டர் வெளியேற வேண்டும். குழந்தைக்கு இரண்டு டம்ளர் போதும். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடும் உணவு விரைவில் கெடுவதும் சேர்ந்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்போது, அந்த இரண்டு டம்ளர் ஒரு முற்பகலிலேயே போய்விடலாம்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் போதுமானது. தனியே தண்ணீர் தரக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே. தண்ணீர் கொடுத்தால் குழந்தையின் சிறு வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும். தூய்மையற்ற நீரென்றால் வயிற்றுப்போக்கும் சேரும். ஆனால் இந்த அறிவுரைக்குள் சொல்லப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது: தாய் அருகில் இருக்க வேண்டும், வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்க வேண்டும், அவருக்கே போதிய தண்ணீர் கிடைக்க வேண்டும். செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த மூன்றும் தாமாக அமைவதில்லை. நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம், பணித்தளத்தில் குடிநீரும் குழந்தைகளுக்கு நிழலும் இருக்க வேண்டும் என்றும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றும் எழுதி வைத்தது. கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வர வேண்டிய கட்டாயத்தை நீக்கக்கூடிய விதி அது. களத்தில் அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பதை இதை வாசிக்கும் தோழர்கள் அறிவார்கள்.

முதியவரின் கணக்கு

முதுமையில் தசை குறைகிறது. உடல் தன் நீரின் பெரும்பகுதியைத் தசையில்தான் வைத்திருக்கிறது என்பதால், இருப்பும் குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் திறனை இழக்கிறது. வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தம் செறிவடையும்போது மூளை எழுப்ப வேண்டிய தாக உணர்வு மங்கிவிடுகிறது. "எனக்குத் தாகமே இல்லை" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கும். அதை நம்பித் தண்ணீர் தராமல் இருப்பதுதான் பிழை.

இதனுடன் மருந்துகளும் சேர்கின்றன. இரத்த அழுத்தத்துக்கும் இதயக் கோளாறுக்கும் தரப்படும் மாத்திரைகளில் சில, சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை வெளியேற்றுபவை. ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃப்யூரோசமைடு ஆகியவை அவ்வகையின. மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. இவற்றைத் தாமாக நிறுத்துவது கூடாது. நிறுத்தினால் இதயமும் இரத்த அழுத்தமும் கட்டுமீறலாம். கோடை தொடங்குமுன் மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி, வெயில் கடுமையான நாள்களில் அளவை மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று கேட்டறிவதே முறை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் இக்கேள்வியை எழுப்பலாம்.

இன்னொரு காரணம் மருத்துவ நூல்களில் அரிதாகவே பேசப்படுகிறது. கழிப்பறை இல்லாத, அல்லது கழிப்பறை இருந்தும் அதில் தண்ணீர் இல்லாத குடியிருப்புகளில் வயதான பெண்கள் பகலில் வேண்டுமென்றே குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். இருட்டும்வரை ஒதுங்க இடமில்லை. முழங்கால் வலியோடு நெடுந்தொலைவு நடக்கவும் இயலாது. மங்கிய தாக உணர்வுக்கு மேல், இருக்கிற தாகத்தையும் அடக்கும் பழக்கம் இது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற சுவரொட்டி இவர்களிடம் தோற்றுப்போவது அறியாமையால் அன்று.

ஒரு வீட்டின் ஒரு நாள்

மேற்சொன்னவை எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதைக் காண, பல வீடுகளில் காணக்கூடியவற்றைத் தொகுத்து ஒரு நாளை இங்கே அமைத்துக்கொள்வோம். வட தமிழகத்தின் உட்பகுதி. கத்திரி வெயில். மூன்றாவது நாளாக 42 டிகிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட ஓரறை வீடு. தெருக்குழாயில் விடியற்காலை அரை மணி நேரம் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தார்கள். ஏழு மணிக்குத் தாய் வேலைக்குச் சென்றார். எட்டு கிலோ எடையுள்ள ஒன்பது மாதக் குழந்தையும், இரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உண்ணும் எழுபது வயதுப் பாட்டியும் வீட்டில் இருக்கிறார்கள்.

பதினொரு மணிக்குள் குழந்தைக்கு மூன்று முறை வயிற்றுப்போக்கு. கூரையிலிருந்து இறங்கும் வெப்பத்தால் அறை கொதிக்கிறது. நண்பகலில் குழந்தை ஓயாமல் சிணுங்குகிறது. வாயருகே எதைக் கொண்டுபோனாலும் ஆவலோடு உறிஞ்சுகிறது. பல் முளைக்கிறது போலும் என்று பாட்டி எண்ணுகிறார். இரண்டு மணிக்குச் சிணுங்கல் நின்றுவிடுகிறது. குழந்தை தூங்கிவிட்டது என்ற ஆறுதலோடு அவரும் சாய்கிறார். காலையிலிருந்து அவர் குடித்தது ஒரு டம்ளர் தேநீர் மட்டுமே. குடத்திலிருக்கும் நீர் குழந்தைக்கும் சமையலுக்கும் வேண்டுமென்று எடுத்து வைத்திருக்கிறார். நான்கு மணிக்குத் தாய் திரும்பும்போது, குழந்தை தொட்டாலும் சரியாக விழிப்பதில்லை. பாட்டி, இறந்துபோன தன் அக்காவைப் பெயர் சொல்லி அழைக்கிறார்.

இந்த நாளில் தலையிடுவதற்கான நேரம் நண்பகல். குழந்தை எரிச்சலோடு அழுது, ஆவலோடு குடிக்கும் நிலை, உடல் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. அப்போது வாய்வழிக் கரைசலாலேயே வீட்டில் மீட்டுவிட முடியும். இரண்டு மணியின் அமைதியை உறக்கமென்று எடுத்துக்கொண்டதில்தான் நேரம் போய்விட்டது. நான்கு மணிக்குத் தேவைப்படுவது மருத்துவமனை.

எப்படிக் கண்டறிவது?

குழந்தையிடம் நான்கைப் பார்க்க வேண்டும். முதலாவது, எரிச்சலா சோர்வா என்பது. இரண்டாவது, கண்கள் உள்வாங்கியுள்ளனவா என்பது. மூன்றாவது, குடிக்கக் கொடுத்தால் ஆவலோடு குடிக்கிறதா, குடிக்க இயலாமல் விட்டுவிடுகிறதா என்பது. நான்காவது, வயிற்றுத் தோலை விரல்களால் மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பது. எரிச்சல், உள்வாங்கிய கண், ஆவலோடு குடித்தல், மெதுவாகத் திரும்பும் தோல் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் ஓரளவு நீரிழப்பு. மயக்கம் போன்ற சோர்வு, உள்வாங்கிய கண், குடிக்க இயலாமை, தோல் திரும்ப இரண்டு விநாடிக்கு மேலாதல் ஆகியவற்றில் இரண்டு இருந்தால் கடும் நீரிழப்பு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காததும், உச்சிக்குழி பள்ளமாகத் தெரிவதும் கூடுதல் எச்சரிக்கைகள். இந்தத் தோற்றத்தைக் கண்டு தொக்கம் எடுக்கவோ உரம் எடுக்கவோ தூக்கிச் செல்வது, கரைசல் கொடுத்திருக்க வேண்டிய மணிநேரங்களை இழக்கச் செய்கிறது.

முதியவரிடம் இந்தச் சோதனைகள் ஏமாற்றிவிடும். அவருடைய தோல் நீர் இருந்தாலும் மெதுவாகத்தான் திரும்பும். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கு எப்போதும் வறண்டிருக்கும். அவரிடம் பார்க்க வேண்டியது நேற்றுக்கும் இன்றைக்குமான வேறுபாடு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழறுகிறார், நாளையும் இடத்தையும் மாற்றிச் சொல்கிறார், எழுந்து நிற்கையில் தலைசுற்றித் தள்ளாடுகிறார், பகலெல்லாம் உறங்குகிறார், காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்றால் நீரிழப்பைச் சந்தேகிக்க வேண்டும். "வயதாகிவிட்டது, உளறுகிறார்" என்ற சொல்லால்தான் பெரும்பாலும் இது கடந்துபோகிறது. ஒரே நாளில் முதுமை வந்துவிடுவதில்லை.

உடல் அனலாகக் கொதித்து, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உழைப்பாளிக்கு வெயிலில் வரும் வெப்பத்தாக்கு சில மணி நேரத்தில் விழத்தட்டும். முதியவருக்கோ, வெளியே செல்லாமலேயே, சூடான அறையில் இரண்டு மூன்று நாள்களில் படிப்படியாக வரும். தோல் உலர்ந்தே இருக்கக்கூடும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரால் நனைத்து விசிற வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வேலை எளிமையானது. குடலில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றாகவே உறிஞ்சப்படுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்கிறது. வெறும் தண்ணீர் அந்த வேகத்தில் செல்வதில்லை. அதில் இழந்த உப்பும் இல்லை. உலக சுகாதார நிறுவன அளவின்படி, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் 20.5 கிராம் பொடி இருக்கும். முழுப் பொட்டலத்தையும் முழு ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு மிகுந்து, குழந்தையின் நிலை மோசமாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது. 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் உண்டு என்பதால் அட்டையிலுள்ள அளவைப் படித்தே கரைக்க வேண்டும். சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. அந்த அளவுக்கு உட்படாத பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மிகுதியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

மேலே கண்ட குழந்தைக்கு நண்பகலில் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்? ஓரளவு நீரிழப்புக்கான அளவு, ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில். எட்டு கிலோவுக்கு 600 மில்லி. ஐந்து மில்லி கொள்ளும் தேக்கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி. நான்கு மணி நேரத்தில் சரியாக 600. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். இடையில் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. நான்கு மணி நேரத்துக்குப் பின் அதே அறிகுறிகளை மறுபடியும் பார்க்க வேண்டும். தேறவில்லை என்றால் மருத்துவமனை. கடும் நீரிழப்பென்றால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால் வழியெல்லாம் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம்.

1971-இல் வங்கதேச அகதிகள் பெருகிய போங்கான் முகாமில் காலரா பரவியபோது, நரம்புவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலை உறவினர்கள் கையில் கொடுத்து ஊட்டச் செய்தார். 30 விழுக்காட்டை நெருங்கியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பட்டமற்ற கைகளால் இது முடியும் என்பதற்கு அந்த முகாமே சான்று. ஆனால் அருகில் ஒருவர் நான்கு மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். தானே வறண்டு கிடக்கும் பாட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனவே, வெப்ப அலை நாள்களில் ஒவ்வொரு தெருவிலும் இளைஞர் இருவர் பகலில் இரண்டு முறை இத்தகைய வீடுகளுக்குச் சென்று வருவதை நாம் ஒழுங்கு செய்யலாம்.

பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இது இடைக்கால உதவியே. பொட்டாசியம் இதில் இல்லை. உப்பின் அளவு தவறினால் தீங்காகும்.

முதியவருக்கு அன்றாடம் ஓ.ஆர்.எஸ். தேவையில்லை. உப்பிட்ட கஞ்சி, மோர், தண்ணீர் ஆகியவற்றை அவர் கேட்காமலேயே, தாகத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று கொடுப்பது நல்லது. இதயம் அல்லது சிறுநீரகம் செயலிழந்து, நீரைக் குறைத்துக் குடிக்குமாறு சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.

அறையைக் குளிர்விப்பது

தகரமும் ஆஸ்பெஸ்டாசும் பகலில் கடுமையாகச் சூடேறுகின்றன. தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கூரையோ பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்குகிறது. இரவில் உடல் குளிர்ந்து மீள வேண்டும். அது நடக்காவிட்டால் மறுநாளின் வெயிலைத் தாங்கும் வலு குறைந்துவிடும். கூரைமேல் வெண்ணிறச் சுண்ணாம்பு பூசுவது, தென்னங்கீற்றைப் பரப்புவது, இவற்றால் உள்வெப்பம் குறையும். கூரையை ஒட்டிய காற்றே மிகச் சூடானது என்பதால், குழந்தையைத் துணி மூடிய தூளியில் விடாமல் தரையில், காற்றோட்டத்தில் கிடத்துவது நல்லது. மின்விசிறி 40 டிகிரியை நெருங்கும் அறையில் அனலைத்தான் வீசும். அதனடியில் முதியவரின் கைகால்களையும் முகத்தையும் கழுத்தையும் ஈரத்துணியால் அடிக்கடி நனைத்தால்தான் பயன். மரத்தடி நிழல் அறையைவிடக் குளிர்ச்சியென்றால், பகலில் அங்கு கொண்டுபோய் அமர்த்துவதே சிறந்தது. அந்த மரம் ஊர்ப் பொது இடத்தில் இருந்து, நம் முதியவர்கள் அங்கு அமர முடியாதென்றால், அதுவும் வழக்குக்குரியதே.

தண்ணீரும் சட்டமும்

மேற்சொன்ன ஒவ்வொரு வழிக்கும் தூய நீர் முன்தேவை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தெரியவந்தது. அத்தகைய நீரில் கரைக்கப்படும் ஓ.ஆர்.எஸ். மருந்தாகாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za)(A) பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஆறு, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய் போன்றவற்றைப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 3(1)(x) பிரிவு அவர்கள் பயன்படுத்தும் நீரை மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. பொதுக் கிணற்றில் நீரெடுக்கவிடாமல் துப்பாக்கியைக் காட்டித் தடுத்தவர்களின் தண்டனையை, கர்நாடகத்தின் அப்பா பாலு இங்காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் மீட்டளித்தது. ஆனால் இன்று பெரும்பாலும் எவரும் துப்பாக்கியோடு நிற்பதில்லை. ஊர்த் தெருவுக்கு இரண்டு மணி நேரமும் நம் குடியிருப்புக்கு அரை மணி நேரமும் குழாய் திறக்கப்படுகிறது. இதை நிறுவ ஆவணம் வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். தொட்டிவாரியாக, தெருவாரியாகத் திறக்கப்படும் நேரம், கடைசியாகத் தொட்டி கழுவப்பட்ட நாள், நீர்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஏப்ரலுக்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். கூடவே, தண்ணீர் வந்த நேரத்தை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துத்தான் மாவட்ட ஆட்சியரிடமும் நீதிமன்றத்திடமும் பேச முடியும்.

இறப்பு நேர்ந்துவிட்டால்

மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் குளிர் அலை இடம்பெற்றிருந்தும் வெப்ப அலை இடம்பெறாதிருந்த நிலையில், தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அதை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்தது. வெப்பத்தாக்கால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழி பிறந்தது. ஆனால் வீட்டுக்குள் இறக்கும் முதியவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ முதுமை என்றோ எழுதப்படுகிறது. குழந்தையின் இறப்பு வயிற்றுப்போக்கு என்று முடிகிறது. வெப்பத்தாக்குக்கென்று தனித்த அடையாளம் எதையும் பிணக்கூறாய்வு மட்டும் காட்டிவிடாது. சூழ்நிலைச் சான்றுகளும் வேண்டும்.

ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும்போதே, உடலைக் குளிர்விக்குமுன் அளந்த வெப்பநிலையையும் அளந்த நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுமாறு கேட்க வேண்டும். வீட்டில் கண்ட நிலை, கூரையின் வகை, அறையின் வெப்பம், அன்று தண்ணீர் வந்த நேரம், முந்தைய நாள் அவர் எப்படியிருந்தார் என்பதற்கு அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை அன்றே எழுதி, நிழற்படங்களோடு வட்டாட்சியருக்கு மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வீட்டிலேயே இறப்பு நேர்ந்திருந்தால், அடக்கத்துக்கு முன் கூறாய்வு கோருவது குடும்பத்துக்குக் கடினமான முடிவு. அது இல்லாவிட்டால் நிவாரணம் கிடைப்பது அரிது என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

இந்தப் பதிவு நிவாரணத் தொகையோடு முடிவதில்லை. எந்தத் தெருவில், எந்தக் கூரையின் கீழ், தண்ணீர் வராத எத்தனையாவது நாளில் இறப்பு நேர்ந்தது என்று எழுதப்பட்டால்தான், அடுத்த கோடைக்கு முன் அந்தத் தெருவுக்குக் குழாய் நேரத்தையும் கூரையையும் கேட்டுப் பெற நம் கையில் சான்று இருக்கும்.